ஆள் நடப்பதா, சரக்கு நடந்து வருவதா?

போன ஆண்டு ஒரகடம் பக்கம் ஒரு குடோனில், பிக்கிங் வேலை பார்க்கும் ஒரு பையனின் பின்னாலேயே ஒரு ஷிப்ட் முழுக்க நடந்தேன். ஆன்லைனில் ஆர்டர் வரும் அழகுசாதனப் பொருட்களை அனுப்பும் இடம் அது. அவன் கையில் ஸ்கேனர் இருந்தது. திரையில் `C-14-03-B` என்று வரும். C வரிசை, 14-ஆவது ரேக், கீழிருந்து மூன்றாவது தட்டு, B பெட்டி என்று அர்த்தம். அங்கே போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகும். பெட்டியில் கைவிட்டு, ஷாம்பு பாட்டிலை எடுத்து, பார்கோடு காட்டி, கூடையில் போட 15 விநாடி போதும். அப்புறம் அடுத்த இடம், இன்னொரு நிமிடம். மாலையில் என் போன் 16 கிலோமீட்டர் சொச்சம் காட்டியது. அந்தப் பையன் அதைத் தினமும் நடக்கிறான்.

நான் அங்கே போகக் காரணம், அந்தக் குடோனின் முதலாளி எனக்கு அனுப்பிய ஒரு வீடியோ. தட்டையான ஆரஞ்சு நிற ரோபோ ஒன்று ரேக்குக்கு அடியில் புகுந்து, ரேக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆளின் முன்னால் நிறுத்துகிறது. அந்த ஆள் நின்ற இடத்திலிருந்தே பொருளை எடுக்கிறார். "இதை நம்ம குடோன்ல போட்டா என்னங்க?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். அதற்கான பதில் ரோபோவிடம் இல்லை, அந்தப் பையனின் ஒரு நிமிட நடையில் இருக்கிறது.

முதலில் இரண்டு முறைகளும் எப்படி என்று பார்த்துவிடுவோம். சரக்கு ஒரே இடத்தில் இருக்க, ஆள் தேடிப் போய் எடுப்பது பழைய முறை. உலகத்தில் பெரும்பாலான குடோன்கள் இன்னும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆள் ஒரே இடத்தில் நிற்க, சரக்கு அவரைத் தேடி வருவது மற்ற முறை. இதிலும் இரண்டு வகை முக்கியம்.

ஒன்று, தரையில் ஓடும் ரோபோ. அமெரிக்காவில் 2003-இல் மிக் மவுன்ட்ஸ் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. தரையில் ஒட்டிய சதுரக் குறியீடுகளைப் படித்தபடி ரோபோ ஓடும். வேலி போட்ட அந்தப் பகுதிக்குள் ஆட்கள் போகக்கூடாது. ஒரு ரோபோ நின்றுபோனால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வேலை கூடினால் நாலு ரோபோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ரேக்கின் உயரம் ஓர் ஆள் கையெட்டும் அளவுதான். அதற்கு மேல் கூரை வரை உள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

இன்னொன்று, ஷட்டில். 10 மீட்டர், 15 மீட்டர் உயரத்துக்கு எதிரெதிராக ரேக், நடுவே குறுகலான சந்து. ஒவ்வொரு தட்டிலும் தண்டவாளம் மாதிரிப் பாதையில் ஒரு சின்ன வண்டி ஓடி, பிளாஸ்டிக் டப்பாவை இழுத்துக்கொண்டு சந்தின் முனைக்கு வரும். அங்கே ஒரு லிப்ட் அதைக் கீழே இறக்கும். கன்வேயர் அதை ஆளின் முன்னால் கொண்டுவந்து வைக்கும். இடத்தை நன்றாக மிச்சப்படுத்தும், வேகமும் அதிகம். ஆனால் எத்தனை வண்டி ஓடினாலும் எல்லாம் அந்த லிப்ட் வழியாகத்தான் இறங்க வேண்டும். லிப்ட் படுத்தால் அந்தச் சந்தில் உள்ள அத்தனை சரக்கும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தவிர, இதெல்லாம் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய சமாச்சாரம். நினைத்தபோது கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

இரண்டு வகையும் ஒரே ஒரு வேலையைத்தான் நமக்கு மிச்சப்படுத்துகின்றன: நடை. டப்பாவுக்குள் கைவிட்டு எடுப்பதும், ஸ்கேன் செய்வதும், கூடையில் போடுவதும் இன்னும் மனிதர்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "ரோபோ எவ்வளவு வேகம்?" என்பது இல்லை. "நான் இப்போது நடைக்கு எவ்வளவு கொடுக்கிறேன்?" என்பதுதான்.

அந்தக் குடோனின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன், கணக்கின் போக்கு மாறாது. 12,000 வகைப் பொருட்கள். தினமும் 9,000 லைன். லைன் என்றால் ஆர்டரில் ஒரு வரி, அதாவது ஒரு இடத்துக்குப் போய் ஒரு வகைப் பொருளை எடுப்பது. ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 3 லைன். இரண்டு ஷிப்ட், ஒரு ஷிப்டில் உண்மையான வேலை நேரம் 7 மணி.

அங்கே ஒரு நடைக்கு ஓர் ஆர்டர்தான். 3 பொருளுக்காக 180 மீட்டர் நடை, அதற்கு 180 விநாடி. எடுக்க மூன்று 15 விநாடி. தொடக்கத்தில் கூடை எடுப்பதற்கும் முடிவில் பேக்கிங் மேசையில் வைப்பதற்கும் 45 விநாடி. ஆக 270 விநாடி, லைனுக்கு 90. ஒரு மணி நேரத்தில் 40 லைன். 9,000 லைனுக்கு 32 ஆள் வேண்டும். அங்கே இருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர்தான்.

ரோபோ விற்க வந்தவர் இந்த 32-ஐ எடுத்துக்கொண்டு, தன்னுடைய முறையில் 7 ஆள் போதும் என்று காட்டியிருந்தார். ஆள் நின்று எடுக்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர்; ஒரு ஸ்டேஷனில் மணிக்கு 250 லைன் என்பது அவர் சொன்னது. நடைமுறையில் 200 என்று வைத்தாலும், 9,000 லைனுக்கு 45 மணி நேரம், அதாவது 7 ஆள்தான். அவர் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு தள்ளுவண்டியில் 12 பிளாஸ்டிக் கூடை வைத்து, ஒரே நடையில் 12 ஆர்டருக்கு எடுத்தால் என்ன ஆகும்? 36 லைனுக்கு 500 மீட்டர் நடை போதும், ஏனென்றால் ஒரே சந்துக்குள் அடுத்தடுத்து நாலைந்து பொருள் கிடைத்துவிடும். நடைக்கு 500 விநாடி. சரியான கூடையில் போட வேண்டும் என்பதால் எடுக்கும் நேரம் 15-இலிருந்து 20 ஆகும், 36 தடவைக்கு 720 விநாடி. வண்டியை ஏற்பாடு செய்து கடைசியில் இறக்கி வைக்க 120. மொத்தம் 1,340 விநாடி, லைனுக்கு 37. இப்போது 14 ஆள் போதும். நாம் செலவழித்தது இருபது தள்ளுவண்டியும், கூடையில் ஒட்டும் நம்பரும், மென்பொருளில் ஒரு மாற்றமும்.

ஆக, ரோபோவின் உண்மையான போட்டி 32 ஆள் இல்லை, 14 ஆள். பிக்கிங் ஆட்டோமேஷன் கணக்குகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். சோம்பலாக ஓடும் பழைய முறைக்குப் பக்கத்தில் புது இயந்திரத்தை நிறுத்தினால், எந்த இயந்திரமும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும்.

இனி காசு. ஸ்டேஷனில் ஒரு லைனுக்கு 18 விநாடி, தள்ளுவண்டியில் 37. ரோபோ மிச்சப்படுத்துவது 19 விநாடி. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கான்ட்ராக்டர் கமிஷன் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் 22,000 ரூபாய் என்று வைத்தால், மாதம் 26 நாள், நாளைக்கு 7 மணி, மணிக்கு 121 ரூபாய். 19 விநாடியின் விலை 64 காசு. ஒரு லைனுக்கு ரோபோ நமக்குச் சம்பாதித்துத் தருவது அந்த 64 காசுதான்.

அதற்கு ஆகும் செலவு? 25 ரோபோ, 4 ஸ்டேஷன், ரேக்குகள், மென்பொருள் எல்லாம் சேர்த்து 6 கோடி ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 60 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் 6 சதவீதம், அதாவது 36 லட்சம். வட்டியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 96 லட்சம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 27 லட்சம் லைன். லைனுக்கு 3 ரூபாய் 56 காசு.

64 காசை மிச்சம் பிடிக்க மூன்றரை ரூபாய் செலவு. பழைய ஓர் ஆர்டர் நடையோடு ஒப்பிட்டாலுமே மிச்சம் 2 ரூபாய் 42 காசுதான். அப்போதும் தேறவில்லை.

இதே இயந்திரத்தை இதே விலைக்கு அமெரிக்காவில் வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் ஆளுக்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 45,000 டாலர், 2,000 மணி நேர வேலை என்றால், 19 விநாடியின் விலை சுமார் 12 சென்ட். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 10 ரூபாய். மூன்றரை ரூபாய் போட்டுப் பத்து ரூபாய் எடுப்பது என்றால் யார்தான் விடுவார்கள்? அமேசான் வளைத்து வளைத்து வாங்கியதில் ஆச்சரியமே இல்லை. நம் முதலாளி பார்த்த வீடியோ பொய் இல்லை. அது வேறு கூலிக்கு எடுத்த வீடியோ.

சரி, கூலியை விட்டுவிட்டு வேறு எங்கே தேறும்?

முதல் விஷயம் ஓட்டம். இயந்திரத்தின் செலவு அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். இந்த 4 ஸ்டேஷனும் மணிக்கு 800 லைன் வீதம் மூன்று ஷிப்டும் ஆண்டில் 350 நாள் நிரம்பி ஓடினால், லைனுக்கான செலவு 3 ரூபாய் 56 காசிலிருந்து 1 ரூபாய் 63 காசாக இறங்கும். ஒரே ஷிப்ட் ஓட்டினால் அப்படியே ஏறிவிடும். நம் ஊர் வியாபாரத்துக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் வேலை மூன்று மடங்காகும். தள்ளுவண்டிக் குடோனில் கான்ட்ராக்டரிடம் சொல்லி முப்பது பேரைக் கூடுதலாக இறக்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஒரு லைன்கூட வராது. தீபாவளிக்கு ஏற்றபடி வாங்கினால் மீதி 49 வாரம் பாதி ரோபோக்கள் சார்ஜரில் நிற்கும். சாதாரண நாளுக்கு ஏற்றபடி வாங்கி, உச்ச நாட்களில் கூடுதல் ரோபோவை வாடகைக்கு எடுப்பதும், அதிகம் விற்கும் பொருளை ஆட்களை வைத்தே எடுப்பதும்தான் புத்திசாலித்தனம்.

ஓட்டம் இல்லாமல் பெரிய இயந்திரம் வாங்கியதற்குப் பெயர்போன உதாரணம் வெப்வேன். ஆன்லைனில் மளிகை விற்ற அமெரிக்க நிறுவனம். 1999-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கன்வேயரும், சரக்கை ஆளின் முன் சுற்றிக் கொண்டுவரும் கரோசல்களும் வைத்த பிரம்மாண்டக் குடோனைத் திறந்தார்கள். அதே போல 26 கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டிய குடோன்களின் கொள்ளளவுக்குப் பக்கத்தில்கூட ஆர்டர்கள் வரவில்லை. 2001 ஜூலையில் திவால். இயந்திரம் சரியாகத்தான் ஓடியது, அதற்குப் போட வேலை இல்லை. கிவாவைத் தொடங்கிய மிக் மவுன்ட்ஸ் அதே வெப்வேனில் வேலை பார்த்தவர். கொஞ்சமாகத் தொடங்கி, வேலை வர வர ரோபோ சேர்த்துக்கொள்ளலாம் என்ற முறை அவரிடமிருந்து வந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

இரண்டாவது, இடம். நம் ஊரில் கூலியைவிட இதுதான் கனமான காரணம் என்பது என் கருத்து. ஷட்டில் போட்டு மேல்நோக்கி அடுக்கினால் 30,000 சதுர அடி மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு மாதம் 25 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 90 லட்சம். நம் 27 லட்சம் லைனுக்குப் பிரித்தால் லைனுக்கு 3 ரூபாய் 33 காசு. கூலியில் கிடைத்த 64 காசைப் போல ஐந்து மடங்கு! ஆனால் ஷட்டில் 6 கோடிக்கு வராது. தவிர, இங்கேயும் ஏழையான போட்டியாளர் ஒருவர் நிற்கிறார். இரும்புத் தூண் கொடுத்து இடைத்தளம் போட்டு, இரண்டு மாடியாக ரேக் அடித்தால் அதே தரையில் இரண்டு மடங்கு சரக்கு நிற்கும். படியேறும் நடை மட்டும் கூடும். ஊருக்கு நடுவே சதுர அடி 100 ரூபாய்க்கு எடுத்த இடம், பக்கத்து நிலம் கிடைக்காத பழைய தொழிற்சாலை, மைனஸ் 20 டிகிரியில் ஒவ்வொரு கன அடிக்கும் கரண்ட் பில் கட்டும் குளிர்சாதனக் கிடங்கு, இந்த மாதிரி இடங்களில்தான் ஷட்டில் தன் விலையை நியாயப்படுத்தும். அந்தக் குளிரில் ஆள் தொடர்ந்து நடக்கவும் முடியாது, அடிக்கடி வெளியே வந்தாக வேண்டும்.

தப்பான பொருள் போவதையும் கணக்கில் சேர்ப்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஒரு டப்பா முன்னால் வந்து நிற்க, எந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டும் என்று விளக்கு காட்டினால் தவறு குறையும். ஆயிரத்துக்கு மூன்று தவறு ஒன்றாகி, ஒரு தவறுக்குத் திருப்பி எடுத்து வர 150 ரூபாய் ஆகிறது என்றால், லைனுக்கு 30 காசு லாபம். ஷாம்புவுக்கு அவ்வளவுதான். மருந்தாக இருந்தால் கணக்கே வேறு.

இப்போது கொஞ்சம் பொருள் பக்கம் வருவோம், ஏனென்றால் எல்லாப் பொருளையும் ரோபோவிடம் கொடுப்பது அனேகமாக எங்குமே சரிப்படாது. அந்தக் குடோனில் 12,000 வகையில் ஏறக்குறைய 150 வகை மட்டுமே பாதி லைனைக் கொண்டுவந்தது. நாளைக்கு முந்நூறு தடவை விற்கும் ஒரு பேஸ் வாஷுக்காக ஒரு ரேக்கைத் தூக்கிக்கொண்டு முந்நூறு தடவை ஓடுவது அபத்தம். அதைப் பேக்கிங் மேசைக்குப் பின்னாலேயே ஒரு சாய்வு ரேக்கில் அடுக்கிவிட்டால் இரண்டு எட்டில் எடுத்துவிடலாம். ரோபோவுக்கு ஏற்றது மற்ற முனை: வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும், ஆனால் ஆயிரக்கணக்கான வகையில் பரந்து கிடக்கும் சரக்கு. ஆள் நடந்தால் நீளமாக நடக்க வேண்டியது அதற்குத்தான்.

போட்ட பிறகு என்ன கெடும், எப்படித் தெரியும்? ஒரு ஸ்டேஷன் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு கால்மணி நேரம் நில்லுங்கள். ஆளின் கை சும்மா இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். ஒரு ரேக் போய் அடுத்தது வந்து நிற்க 8, 10 விநாடி ஆகும், அது இயல்பு. வந்த ரேக்கிலிருந்து இரண்டு மூன்று லைன் எடுத்தால் அந்த விநாடிகள் பகிர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றுதான் எடுக்கிறார் என்றால், விற்றவர் சொன்ன 250 எப்போதும் வராது. சரக்கை ரேக்குகளில் பிரித்து வைத்த விதத்தில் கோளாறு, ரோபோவின் மேல் தப்பு இல்லை. கை சும்மா இருப்பது 10 விநாடியைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் ரோபோ போதவில்லை, ஷட்டிலானால் லிப்ட் நிரம்பிவிட்டது.

மதியம் 3 மணிக்குப் பிக்கிங் திடீரென்று மந்தமாகிறதா? லாரி வந்து புதுச் சரக்கை ஏற்றும் நேரமா என்று பாருங்கள். வெளியே எடுக்கும் அதே ரோபோதான் உள்ளே வைக்கவும் ஓடுகிறது. திட்டம் போடும்போது எடுப்பதை மட்டும் எண்ணி, வைப்பதை மறந்துவிடுவது சர்வ சாதாரணம்.

இன்னொன்று, டப்பாவுக்குள் போகாத பொருள். மென்பொருளில் ஒரு பொருளின் நீள அகல உயரம் பதிவாகாமல் இருந்தால், அல்லது யாரோ எல்லாவற்றுக்கும் 10 என்று போட்டு வைத்திருந்தால், ஏற்றும் நாளன்றுதான் வண்டவாளம் தெரியும். அந்தக் குடோனில் நாங்கள் அளவுப் பட்டியலைத் திறந்தபோது, ஐந்து லிட்டர் ஹேர் ஆயில் கேனும் லிப்ஸ்டிக்கும் ஒரே அளவில் இருந்தன.

கடைசியில் அந்த முதலாளி இருபது தள்ளுவண்டி வாங்கினார். 150 வகைப் பொருளைப் பேக்கிங் மேசைக்குப் பின்னால் கொண்டுவந்தார். அதற்கே மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் இடத்தின் எண் மாறினால் ஸ்கேனரிலும் மாற்ற வேண்டும். ரோபோ பற்றி மறுபடி கேட்டபோது, இடத்தின் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்டேன். மூன்று. பத்து ஆண்டுக்குப் பிரித்துப் போட்ட 6 கோடியை மூன்று ஆண்டுக்குப் பிரித்தால், பராமரிப்பும் சேர்த்து, ஒரு லைனுக்கு எட்டே முக்கால் ரூபாய் வரும். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குத்தகையைப் புதுப்பிக்கும்போது பேசுவோம் என்றார்.